பேக்கேஜுக்கு மேல் வந்த தொகையை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். 3 நாள் பேக்கேஜ் 80,000 ரூபாய் என்றார்கள், பில் 1,04,000. கூடுதலாக அறை 3,500, பயாப்ஸி 2,500, மருந்தகம் 18,000. கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தேதிவாரியான விவர பில்லைக் கேட்டு வாங்கி, அட்மிஷனின்போது தந்த பேக்கேஜ் தாளின் பக்கத்தில் வையுங்கள். எது பேக்கேஜுக்குள், எது வெளியே என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

அறை வாடகையில், நான்காவது நாள் தங்கினீர்களா என்று பாருங்கள். சில இடங்களில் 24 மணி நேரக் கணக்கு, சில இடங்களில் மதியம் 12 மணிக்கே அடுத்த நாள் ஆரம்பம். டிஸ்சார்ஜ் எழுதிய பிறகு பில் போடத் தாமதமாகி நாள் கூடியிருந்தால், அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பயாப்ஸியைப் பெரும்பாலும் பேக்கேஜில் சேர்ப்பதில்லை. ரிப்போர்ட் கிடைக்குமா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

பெரிய தொகை மருந்தகத்தில்தான் இருக்கிறது. ஆபரேஷன் நடந்த தேதியில் உள்ள வரிகளைத் தனியே கூட்டுங்கள். தாளில் 'தியேட்டர் பொருட்கள் உட்பட' என்றிருந்தால், அன்றைய கையுறை, தையல் நூல், கிளிப் எல்லாம் ஏற்கெனவே 80,000-க்குள் வந்துவிட்டன. மறுபடி கேட்கக் கூடாது. அப்புறம், வார்டில் பயன்படுத்தாத ஊசி, சலைன் மருந்தகத்துக்குத் திரும்பியிருந்தால் 'ரிட்டர்ன்' என்று கழித்திருக்க வேண்டும். சந்தேகம் வரும் வரிகளை நர்ஸ் எழுதும் மருந்துச் சார்ட்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் 10 ஊசி, சார்ட்டில் 6 என்றால் மீதி 4-க்குப் பணம் குறைய வேண்டும்.