பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்கும் எண்கள்: கேள்வி பதில்

பிரஸ் ஷாப் இன்ஜினியர்: பிரஸ்ஸில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் டையை மாற்றும் நேரத்தை 90 நிமிடத்திலிருந்து 35 ஆக்கினேன். நாளுக்கு இரண்டு மாற்றம், மாதம் 25 நாள். மிச்சமான நேரத்தை மெஷின் ஹவர் ரேட்டால் பெருக்கி ரூபாயில் போட்டுவிட்டேன். போதும்தானே மேடம்?

பதில்: நேரக் கணக்கு சரி, மாதம் சுமார் 46 மணி நேரம். ரூபாயில்தான் இடிக்கிறது. குழுவில் ஃபைனான்ஸ் ஆள் இருந்தால், "அந்த 46 மணி நேரத்தில் பிரஸ் என்ன ஓட்டியது?" என்றுதான் கேட்பார். ஆர்டர் இல்லாமல் சும்மா நின்றிருந்தால் எதுவும் மிச்சமில்லை; ஹவர் ரேட்டுக்குள் இருக்கும் தேய்மானம் மெஷின் நின்றாலும் ஓடும். ஞாயிறு ஓவர்டைம் குறைந்ததா? வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்ததை உள்ளே கொண்டுவந்தீர்களா? அந்த பில்களில் குறைந்த தொகைதான் உங்கள் எண். அதைப் பிளான்ட் ஃபைனான்ஸிடம் முன்பே காட்டி, மெயிலில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

அப்புறம், அந்த 90 எங்கிருந்து வந்தது? மோசமான ஒரு வாரத்தை எடுத்திருந்தால் ஷிஃப்ட் லாக்கைப் புரட்டியதும் தெரிந்துவிடும். முந்தைய ஆறு மாத லாக்கை எடுங்கள். பழைய டையின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய டையின் முதல் நல்ல பீஸ் வரை என்று, முன்னும் பின்னும் ஒரே அளவுகோலில் அளந்திருக்க வேண்டும்.

அவரே: ஓவர்டைம் குறைந்தது நிஜம். ஆனால் அதே சமயம் ஆர்டரும் கொஞ்சம் குறைந்தது.

பதில்: அப்படியென்றால் மொத்த ஓவர்டைமைக் காட்டாதீர்கள். ஆயிரம் பீஸுக்கு எத்தனை ஓவர்டைம் மணி என்று போடுங்கள். உங்கள் முறை இன்னும் போகாத பக்கத்து பிரஸ்ஸின் கோட்டையும் அதே கிராஃபில் வரையுங்கள். ஆர்டர் அங்கேயும் குறைந்து, அங்கே இந்த எண் இறங்காமல் இருந்தால், குழுவுக்கு அந்த ஒரு படமே விடை சொல்லிவிடும். ஆர்டர் குறைந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு அலுவலர்: என் பிரிவில் இரண்டு வருஷமாக விபத்தே இல்லை. இதைவிட நல்ல எண் உண்டா?

பதில்: சின்ன யூனிட்டில் யாரும் எதுவும் செய்யாமலே இரண்டு வருஷம் பூஜ்யம் வரலாம். நூலிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை பதிவாகின, ஒவ்வொன்றையும் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று காட்டுங்கள். பதிவு கூடினால் பயப்பட வேண்டாம், ஆட்கள் மறைக்காமல் சொல்கிறார்கள் என்று விளக்கலாம். எல்லாக் குழுவும் இதை ஏற்கும் என்று என்னால் உறுதி தர முடியாது.

குவாலிட்டி பிரிவிலிருந்து: டீமாகச் செய்ததை என் பெயரில் எப்படிப் போடுவது?

பதில்: பலன் டீமுடையது, முடிவுகளில் சில உங்களுடையவை. எந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள், அப்போது எதிர்த்தது யார், ஏன் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். டீமில் ஒருவரைக் குழு கூப்பிட்டுக் கேட்டாலும் அதே கதை வர வேண்டும்.

இன்னொருவர்: எங்கள் கம்பெனியில் மேனேஜர் சொல்வதுதான் நடக்கும். எண்ணெல்லாம் சும்மா.

பதில்: பாதி உண்மை. நீங்கள் இல்லாத அறையில் பேசப்போவது அவர்தான். அதனால் மேலே சொன்ன கிராஃபும் ஃபைனான்ஸ் மெயிலும் உள்ள ஒரே பக்கத்தை இரண்டு வாரம் முன்பே அவரிடம் கொடுங்கள். அவர் மடக்கிக் கேட்கும் கேள்விதான் பெரும்பாலும் குழுவிலும் வரும்.