மெத்தென்ற மண் ஏன் மெத்தையாக இருப்பதில்லை

கேள்வி: நிலநடுக்கத்தில் பாறைமேல் நிற்கும் வீட்டைவிட இளகிய மண்மேல் நிற்கும் வீடுதான் அதிகம் ஆடும் என்கிறார்கள். மெத்தென்ற மண் அதிர்வை உறிஞ்சிக்கொள்ளத்தானே வேண்டும்? பக்கத்துப் பக்கத்து இடங்களிலேயே இவ்வளவு வேறுபாடு வருமா?

பதில்:

நிலநடுக்கப் பொறியியல் படிக்கத் தொடங்கிய முதல் பருவத்தில் எனக்கும் இதே ஐயம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் பதிவான இரண்டு அளவீடுகள்.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 8.0. மையம் பசிபிக் கடற்கரையோரம், நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால். நகரின் தென்பகுதியில் பல்கலைக்கழக வளாகம் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் இருக்கிறது. அங்கே பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 3 சதவீதம்தான். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், முன்பு டெஸ்கோகோ ஏரியின் படுகையாக இருந்த களிமண்மேல், போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இன்னொரு கருவி இருந்தது. அது காட்டியது ஏறத்தாழ 17 சதவீதம். மையத்தின் அருகே கலேட்டா தெ காம்போஸ் என்னும் கடற்கரை ஊரில் பாறைமேல் பதிவானதே 14 சதவீத அளவுதான். இத்தனை தொலைவு கடந்து தேய்ந்து வந்த அதிர்வைக் கடைசி நாற்பது மீட்டர் மண், பிறந்த இடத்தின் அளவுக்கு மீட்டெடுத்துக் கொடுத்துவிட்டது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வேகம். நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டியபடி மேலேறும் குறுக்கலை, அடியிலுள்ள கெட்டிப் படிவில் நொடிக்குச் சில நூறு மீட்டர் ஓடுகிறது. அந்த ஏரிக் களிமண்ணில் 75 மீட்டர் அளவுக்கே ஓடுகிறது. வேகம் குறைந்தாலும் அலை சுமந்துவரும் ஆற்றல் தொடர்ந்து மேலே போயாக வேண்டும். ஆகவே மெதுவாகப் போகும் அலை அதற்கு ஈடாகப் பெரிதாக ஆடுகிறது. இந்த ஈட்டைத் தீர்மானிப்பது அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண். கணக்கு எளிதாக இருக்க, கெட்டிப் படிவுக்கு அந்த எண் களிமண்ணைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், களிமண்ணில் வீச்சு பத்தின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடும்.

இரண்டாவது காரணம் ஒத்ததிர்வு. மெக்சிகோ நகரில் உண்மையான கேடு செய்தது இதுதான். அமைச்சக வளாகத்தின் அடியில் களிமண்ணின் ஆழம் 38 மீட்டர், வேகம் நொடிக்கு 76 மீட்டர் என்று கொள்வோம். அலை அடியிலிருந்து மேலே வர அரை நொடி ஆகிறது. தரையின் மேற்பரப்பில் திசை திரும்பி, மீண்டும் அடிக்கு இறங்க இன்னும் அரை நொடி. அங்கே கெட்டிப் படிவில் மோதும்போது அதன் பெரும்பகுதி வெளியேற முடியாமல் தலைகீழாகப் புரண்டு திரும்புகிறது. புரண்ட அலை இன்னொரு முறை ஏறி இறங்கி மறுபடி புரளும்போதுதான் பழைய நிலைக்கு வருகிறது. மொத்தம் நான்கு பயணங்கள், இரண்டு நொடிகள். இதுவே மண்ணின் அலைவுக் காலம் T. ஆழம் H, அலையின் வேகம் Vs என்றால்:

T = 4H/Vs = 4 × 38 / 76 = 2 நொடி

கீழிருந்து வரும் அலையும் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடுவதாக இருந்தால், ஊஞ்சலை ஆட்டம் திரும்பும் சரியான கணத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு தள்ளலும் முந்தியதோடு சேர்ந்துகொள்ளும். அப்போது பெருக்கம் மூன்று மடங்கோடு நில்லாமல் பத்து மடங்கு வரை போகலாம். மண்ணின் உள்ளுராய்வைக் கழித்தால் ஏழு மடங்கு அளவில் நிற்கும். தொலைதூரத்துப் பெரிய நிலநடுக்கம் ஆகையால், அன்று வந்த அலைகளில் இரண்டு நொடி ஆட்டம் தாராளமாக இருந்தது. குறுகிய கால ஆட்டங்கள் வழியிலேயே தேய்ந்துபோயிருந்தன.

இந்த உள்ளுராய்வில்தான் உங்கள் மெத்தைக்கும் இந்தக் களிமண்ணுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. மெத்தை அழுந்தும்போது ஆற்றலைத் தனக்குள்ளேயே வெப்பமாகச் செலவழித்துவிடுகிறது. மெக்சிகோ நகரின் களிமண்ணிலோ திடப்பொருளின் எடையைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு எடையுள்ள நீர் இருக்கிறது. பார்க்கப் பஞ்சுபோல் இருந்தாலும், வளைத்துவிட்டால் பழைய வடிவுக்கே திரும்பும் தன்மை அதற்கு வியப்பூட்டும் அளவுக்கு உண்டு. ஓர் ஆட்டத்துக்கு வீச்சில் ஆறில் ஒரு பங்கு அளவே உராய்வில் கழிகிறது. அது மெத்தையைவிட, தட்டில் கொட்டிவைத்த ஜெல்லிக்கே நெருங்கிய உறவு.

அன்று மிகுதியாகச் சேதமடைந்தவை ஏறத்தாழ 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள். கட்டடம் ஒருமுறை ஆடி முடிக்க மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்ற கைக்கணக்கின்படி பத்து மாடிக்கு ஒரு நொடிதானே, இரண்டு நொடி மண் அதை எப்படிப் பிடித்தது என்று கேட்கலாம். இளகிய மண்மேல் அடித்தளமே சற்றுச் சாய்ந்தாடுவதால் கட்டடத்தின் அலைவுக் காலம் நீளும். தூண்களில் விரிசல் விழ விழ விறைப்பு குறைந்து இன்னும் நீளும். விரிசல் விட்ட கட்டடம் மண்ணின் தாளத்தை நோக்கியே நகர்ந்தது. தாளம் மிகவும் நீண்ட 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் நின்றது. ஒன்றிரண்டு மாடி வீடுகள் பலவும் நின்றன.

ஆகவே 'மோசமான மண்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. எந்த ஆட்டத்துக்கு மோசம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சரியாக 32 ஆண்டுகள் கழித்து, 2017-இல் அதே செப்டம்பர் 19 அன்று, நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர் அளவு தொலைவில் 7.1 அளவு நிலநடுக்கம் வந்தது. மையம் அருகில் என்பதால் குறுகிய கால ஆட்டம் மிகுதி. பல்கலைக்கழகப் பாறையில் பதிவான முடுக்கமே 1985-ஐப்போல் இரு மடங்கு அளவு. இம்முறை விழுந்தவை பெரும்பாலும் ஏரிப் படுகையின் மேற்கு ஓரத்தில், களிமண் மெலிந்து மண்ணின் அலைவுக் காலம் ஒன்று முதல் ஒன்றரை நொடியாக இருக்கும் பகுதியில் இருந்தன.

உங்கள் மெத்தை முற்றிலும் கற்பனை அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தின்போது, கடலைத் தூர்த்து உருவாக்கிய போர்ட் தீவில் 83 மீட்டர் ஆழத்தில் பதிவான கிடைமட்ட முடுக்கத்தில் பாதி அளவே தரைமட்டத்தில் பதிவானது. அதிர்வு மிகக் கடுமையாக இருந்ததால், நீர் நிறைந்த தளர்ந்த நிரப்புமண் திரவம்போல் இளகி, அலையை மேலே கடத்தும் வலுவை இழந்துவிட்டது. அதிர்வு குறைந்ததே தவிர நிலம் தாழ்ந்தது, துறைமுகச் சுவர்கள் கடல் பக்கம் சரிந்தன.

ஓரிடத்து மண்ணின் தாளத்தை அறிய நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று திசை அதிர்வையும் பதியும் கருவியை அரைமணி நேரம் தரையில் வைத்து, போக்குவரத்தும் கடலலையும் எழுப்பும் இடையறாத நுண்ணதிர்வைப் பதிந்து, கிடைமட்ட அதிர்வைச் செங்குத்து அதிர்வால் வகுத்தால், மண்ணின் இயல்பான அலைவுக் காலத்தில் ஒரு மேடு தெரியும். நான் எடுத்த முதல் அளவீட்டில் அழகான கூர்முனை ஒன்று வந்தது, பெருமையோடு காட்டினேன். அது பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார். மண்ணின் மேடு அகன்றிருக்கும், செங்குத்துப் பதிவில் அதன் சாயல் குறைவாக இருக்கும். இயந்திரத்தின் முனையோ ஊசிபோல் மூன்று திசையிலும் ஒரே இடத்தில் நிற்கும். இன்னொன்று: அந்த மேட்டின் இருப்பிடத்தை நம்பலாம், உயரத்தை நம்பக்கூடாது. எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை அறிய, பாறையிலும் மண்ணிலும் ஒரே நிலநடுக்கத்தைப் பதிந்த இணைக் கருவிகளே வேண்டும்.