நகையோடு போன நம்பிக்கை: மறுபடி யாரை, எதில், எவ்வளவு நம்புவது?

கேள்வி: 11 வருடத் தோழி. அவசரம் என்று கேட்டதால் 5 பவுன் சங்கிலியை அடகு வைக்கக் கொடுத்தேன். மீட்டுத் தரவில்லை. அதோடு, நானே பிரியப்பட்டுக் கொடுத்ததாக மற்ற தோழிகளிடம் சொல்லிவிட்டாள். ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது ஆபீஸில் ஒருத்தி நன்றாகப் பழகுகிறாள். அவள் சாப்பிடக் கூப்பிட்டால்கூட, ‘எதற்கு அடிபோடுகிறாள்?’ என்றுதான் தோன்றுகிறது. மறுபடி மனிதர்களை நம்புவது எப்படி?

பதில்: இந்தச் சந்தேகம் நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஒருவரை நம்பி ஏமாந்தால், நம் கணிப்பு தப்பு என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம்பாமல் ஒதுங்கிப் போனால், அவர் தங்கமான ஆளாகவே இருந்தாலும் அது நமக்குத் தெரியவே போவதில்லை. டெட்லெஃப் ஃபெட்சன்ஹாவர், டேவிட் டன்னிங் என்ற உளவியலாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. முன்பின் தெரியாதவர்களின் சிறு வீடியோக்களைக் காட்டி, ‘இவரிடம் பணம் கொடுத்தால் உங்கள் பங்கைத் திருப்பித் தருவாரா?’ என்று கேட்டார்கள். தாங்கள் நம்பிய ஆட்களைப் பற்றி மட்டும் விடை தெரிந்துகொண்டவர்களின் அவநம்பிக்கை அப்படியே நின்றது. தாங்கள் நம்பாமல் விட்ட ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னபோதுதான் கணிப்பு திருந்தியது. நீங்கள் சாப்பாட்டு அழைப்பைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று சந்தேகம் தனக்கே ஒரு மார்க் போட்டுக்கொள்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

ஆகவே அவளைப் பற்றித் தகவல் கிடைக்க வழி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ‘மனிதர்களை நம்புவது’ என்ற பெரிய மூட்டையைப் பிரித்துவிடுங்கள். பணம், பொருளில் நம்புவது ஒன்று. சொன்ன நேரத்துக்குச் செய்வார் என்று நம்புவது வேறு. ரகசியம் காப்பார் என்பது இன்னொன்று. நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி நியாயமாகப் பேசுவார் என்பது நான்காவது. உங்கள் விஷயத்தில் உடைந்தவை முதலாவதும் கடைசியும். சங்கிலியைவிடக் கதை மாற்றிச் சொன்னதுதான் உங்களை அதிகம் அரித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். நடந்ததற்குச் சாட்சியாக நிற்க வேண்டியவர்களையும் அது உங்களிடமிருந்து பறித்துவிட்டது. ஆனால் ஆபீஸ் தோழியின் மதியச் சாப்பாட்டில் இந்த இரண்டுமே இல்லை. அதிகபட்சம் முக்கால் மணி நேரம் போகும். போய் வாருங்கள்.

இரண்டு மூன்று தடவை சேர்ந்து சாப்பிட்ட பிறகு பண விஷயத்தில் ஒரு சிறு சோதனை வைக்கலாம். தொகைக்கு ஒரே விதி: திரும்பி வராவிட்டாலும் அந்த மாதச் செலவு இடிக்கக் கூடாது. உங்களுக்கு அது 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் ஒருவரின் பிறந்தநாளுக்கு இருவர் பங்கையும் நீங்கள் போட்டுவிட்டு, ‘உன் பங்கு 500, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு’ என்று சொல்கிறீர்கள். சொல்வதற்கு முன்பே ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன கொடுக்கிறேன், எந்தத் தேதிக்குள், தராமல் போக எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று இப்போது தோன்றுகிறது, எது நடந்தால் ‘தவறினாள்’ என்று எடுத்துக்கொள்வேன். பேனாவால் எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் பணம் வந்த பிறகு, ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று மனம் கணக்கை மாற்றி எழுதிவிடும்.

‘தராமல் போக 70 சதவீதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மதியம் அவளே வந்து, ‘சம்பளம் இன்னும் ஏறவில்லை, திங்கட்கிழமை தரட்டுமா?’ என்கிறாள். திங்களன்று அனுப்பியும் விடுகிறாள். தேதி தவறியது என்று இதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். நாம் கேட்பதற்கு முன்னால் தானே வந்து சொல்வதும், சொன்ன புதுத் தேதியைக் காப்பாற்றுவதும், சரியான நேரத்தில் கொடுப்பதைவிட அதிகம் பேசும். இதையே திருப்பிப் பாருங்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் காரணம் வருகிறது, காரணம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, கடைசியில் கேட்டதே உங்கள் தப்பு என்பதுபோல் பேச்சு திரும்புகிறது என்றால், 500 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளலாம். சங்கிலி விஷயத்தில் இந்த மூன்றில் எது எப்போது முதலில் தெரிந்தது என்று ஒருமுறை நினைவுபடுத்திப் பார்த்து அதையும் நோட்டில் எழுதிவையுங்கள். ‘எல்லோரையும் சந்தேகி’ என்பதைவிட அந்த ஒரு குறிப்பு உபயோகமான காவல்.

இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது நம் கையால்தான். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தடவை நினைவூட்டிவிட்டு, பணம் வந்ததும் ‘நச்சரித்ததால் வந்தது’ என்று நினைத்துக்கொள்வோம். பெருமை நச்சரிப்புக்குப் போகும், அவளுக்கு ஒன்றும் சேராது, சந்தேகம் அப்படியே இருக்கும். அதனால் தேதி வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கஷ்டம்தான். இன்னொரு வகை, பணம் வந்த பிறகு ‘500 ரூபாய்க்கு யார் ஏமாற்றுவார்கள்?’ என்று கோட்டைத் தள்ளிப் போடுவது. நோட்டில் நான்காவது வரி அதற்காகத்தான். பொய்யான ரகசியம் ஒன்றைச் சொல்லிவிட்டு, அது எங்கே சுற்றி வருகிறது என்று பார்க்கும் ஆசையும் வரும். வேண்டாம். பிடிபட்டால் அந்த நட்பில் துரோகம் செய்தவர் நீங்களாகிவிடுவீர்கள். ரகசியத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் உண்மையான, ஆனால் வெளியே போனாலும் தலை போகாத ஒன்றைச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஐந்தாறு சோதனை போதும், மூன்று மாதம் ஆகும். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு படி ஏறுங்கள். பணத்தில் நேர்மையாக இருந்தாள் என்பதற்காகக் குடும்பச் சண்டையைக் கொட்டிவிட வேண்டாம். ஏமாந்தவர்கள் பல மாதம் இறுகி இருந்துவிட்டு ஒரே நாளில் மடை திறந்ததுபோல் எல்லாம் சொல்லிவிடுவதும், மறுநாள் பயந்து ஒதுங்குவதும் உண்டு. எதிரிலிருப்பவர் குழம்பிப்போவார்.

எல்லாம் நல்லபடி நடந்தாலும் அவளுக்கு நகை கொடுக்கும் நிலைக்கு நீங்கள் வந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெரிய தொகை என்றால் எழுத்தில் வாங்குவது வங்கியும் செய்கிற வேலைதான், அதை அவநம்பிக்கை என்று எண்ண வேண்டாம். அதற்காக, நம்புகிறவர்கள் ஏமாளிகள் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். நம்பிக்கையை அளக்க 1967-ல் ஒரு அளவுகோலை உருவாக்கிய ஜூலியன் ராட்டர், அதிகம் நம்புகிறவர்கள் மற்றவர்களைவிட எளிதில் ஏமாறுவதில்லை என்று 1980-ல் எழுதினார். ஆளைப் பற்றிய தடயம் கிடைத்ததும் கணிப்பை மாற்றிக்கொள்ளத் தெரிந்திருப்பதுதான் வித்தியாசம்.

பழைய தோழியை மன்னிப்பதும் சங்கிலியை மீட்பதும் தனி விஷயங்கள். இந்தச் சோதனையைத் தொடங்க அவை முடிந்திருக்க வேண்டியதில்லை. அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, கொடுத்ததற்கு வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அதோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அந்தச் சம்பவம் தினமும் கண்முன் வந்து தூக்கம் கெடுகிறது, வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை, வீட்டாரையும் உளவு பார்க்கத் தோன்றுகிறது என்ற அளவுக்கு இருந்தால் நோட்டு மட்டும் போதாது. மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.