எத்தனை பாகையில் உருகும் பை வாங்குவது?

கேள்வி: அண்ணா, பதுளையில் எங்கள் மாடி அறைக்குத் தகரக் கூரை. மார்ச், ஏப்ரலில் பிற்பகலில் உள்ளே 33 பாகை, விடியற்காலை வெளியே 20. சீலிங்கில் பதிக்கும் உப்புப் பைகள் 21, 25, 29 பாகையில் உருகுபவையாக இருக்கின்றன. 21தான் அதிகக் குளிர்ச்சி என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: 25ஐ வாங்குங்கள், அதுவும் இரவில் யன்னலைத் திறந்து வைக்க முடியுமென்றால் மட்டும். கடைக்காரர் பகலை மட்டும்தான் யோசித்திருக்கிறார்.

இந்தப் பை தானாகக் குளிரை உண்டாக்குவதில்லை. பகலில் உருகும்போது வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொள்ளும், இரவில் உறையும்போது அதைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். விழுங்கும் அளவு பெரிது: ஒரு கிலோ உருக ஏறத்தாழ 180 கிலோயூல் வேண்டும், அதுதான் மறைவெப்பம், ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்கவோ 4.2 போதும். ஆனால் இரவில் உறையாத பை மறுநாள் வெறும் பாரம்தான்.

உங்கள் அறையை 12 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீற்றருக்கு 6 கிலோ பதித்தால் 72 கிலோ, அது மொத்தமாக உருகினால் 3.6 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் பைகளுக்குள் போகும். அசையாத காற்றில், ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சதுர மீற்றருக்கு 8 வொட் போலத்தான் வெப்பம் கைமாறும். இரவில் அறைக்காற்று 21க்கு இறங்கினால் 25 வகைக்கு 4 பாகை இடைவெளி, அதாவது 380 வொட் அளவு, முழுவதும் உறைய ஒன்பதரை மணித்தியாலம் ஆகும். மாலை ஏழுக்கு யன்னலைத் திறந்தால் விடிவதற்குள் மட்டுமட்டாக முடியும், ஒரு மின்விசிறி ஓடினால் இன்னும் சீக்கிரம். 21 வகைக்கு இடைவெளியே இல்லை, அதிகாலையில் காற்று 20ஆக இருக்கும் கொஞ்ச நேரத்தில் எவ்வளவுதான் உறையும்? 29 வகை இரவில் சுலபமாக உறைந்துவிடும், சரி, ஆனால் அது மளமளவென்று வெப்பத்தை உறிஞ்ச அறை 33ஐத் தொட வேண்டும், அப்படியானால் வாங்கி என்ன பயன்?

நுளம்புக்கும் பனிக்கும் பயந்து இரவு முழுக்க யன்னலைப் பூட்டுகிறவர்கள் (நம் பக்கத்தில் பாதிப் பேர்) இதில் காசைப் போடாதீர்கள். எப்படியும் தகரத்துக்கு அடியில் வெப்பத்தடுப்புப் பாய் விரிப்பதுதான் முதல் செலவு, அது இல்லாவிட்டால் பை மத்தியானத்துக்குள்ளேயே முழுதும் உருகித் தீர்ந்துவிடலாம்.

வாங்கும்போது உருகும் பாகையோடு உறையும் பாகையையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். உப்பு வகைகள் சில, உறைய வேண்டிய பாகைக்குச் சில பாகை கீழே போன பிறகும் திரவமாகவே நிற்கும், அப்படியென்றால் உங்கள் 4 பாகை இடைவெளி அங்கேயே போய்விட்டது. ஒரு பையை மட்டும் முதலில் வாங்கி அந்த அறையிலேயே தொங்கவிட்டு, விடியற்காலை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் மற்றதை எடுக்கலாம். தளதளவென்று அசைந்தால், அல்லது அடியில் மட்டும் மண்டி கட்டியிருந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.