ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகக் கிடக்கும் தொழிலாளியின் வீட்டுக்குக் கம்பெனி எழுதும் கடிதம்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: மண்டபம், ராமநாதபுரம் பக்கம் இறால், மீன் பதப்படுத்தும் கம்பெனிகளில் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்.

அண்ணே, எங்கள் ஐஸ் பிளான்ட்டில் 7 வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் பிப்ரவரி 8-ல் பக்கவாதம் வந்து மதுரையில் இருக்கிறார். சம்பளம் 18,000. இஎஸ்ஐ உண்டு. முதலாளி "வீட்டுக்கு ஒரு லெட்டர் போடு" என்கிறார். என்ன எழுதுவது? – கணக்கர், மண்டபம்

தம்பி, "உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம், நிர்வாகம் உறுதுணையாக இருக்கும்" என்று ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள். அவர் மனைவிக்குத் தெரிய வேண்டியது எந்தத் தேதிவரை யார் பணம் தருகிறார்கள் என்பதுதான். அதனால் பேனாவை எடுக்கும் முன் விடுப்புப் பதிவேட்டை எடுங்கள்.

அவர் கணக்கில் 10 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் வரும் வார விடுமுறையும் சேர்ந்து பிப்ரவரி 19 வரை முழுச் சம்பளம். அந்த மாதத்துக்கு 19 நாள், 28-க்கு வகுத்தால் 12,214 ரூபாய், பிடித்தம் போவதற்கு முன். பிப்ரவரி 20 முதல் கம்பெனிச் சம்பளம் நிற்கிறது, இஎஸ்ஐ நோய்க்கால உதவித்தொகை தொடங்குகிறது. போன ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாங்கிய 1,08,000 ரூபாயை 183 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 590. அதில் 70 சதவீதம் 413. ஞாயிறும் கணக்கில் உண்டு என்பதால் 30 நாளுக்கு 12,400-ஐ ஒட்டி வரும். இப்படி 91 நாள், அதாவது மே 21 வரை.

அதற்குப் பிறகுதான் பலர் கைவிரித்து விடுகிறார்கள். ஒரு பக்கம் விழுந்துபோன பக்கவாதம் இஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, அந்த நான்கு சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருந்தால், 91 நாள் முடிந்தபின் 80 சதவீதம் கிடைக்கும். இவருக்கு நாளுக்குச் சுமார் 472. மொத்தம் 400 நாள் வரை, மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் வரை நீளும். ஆனால் அது தானாக வராது. மருத்துவச் சான்று தொடர்ந்து போய்ச் சேர வேண்டும். ஆகவே கடிதத்தில் "மே 21-க்கு முன்பே அடுத்த கட்டத்துக்கான காகிதங்களை எங்கள் அலுவலகம் தயார் செய்யும்" என்று எழுதி, யார் செய்வார் என்பதையும் எழுதுங்கள்.

இந்த ரூபாய்க் கணக்கெல்லாம் உத்தேசம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இறுதித் தொகையை இஎஸ்ஐ கிளை அலுவலகம்தான் போடும். நாலு ரூபாய் குறைந்தாலும் "கம்பெனி எடுத்துக்கொண்டது" என்ற பேச்சு வந்துவிடும்.

விடுப்பை முதலில் தீர்க்காமல் நேராக இஎஸ்ஐக்குப் போகலாமா? – அதே கணக்கர்

போகலாம், ஆனால் முடிவு வீட்டாருடையதாக இருக்கட்டும். ஒரே நாளுக்கு விடுப்புச் சம்பளமும் உதவித்தொகையும் சேர்ந்து கிடைக்காது. விடுப்பு போடும் நாளில் முழுச் சம்பளம், இஎஸ்ஐ நாளில் 70 சதவீதம். படுக்கை நீளும் என்று தெரிந்தால் முதலில் விடுப்பைத் தீர்ப்பது நல்லது, கையில் முழுப்பணம் வரும்; 91 நாள் கணக்கும் அதற்குப் பிறகுதான் ஓடும். நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது, அந்த இரண்டு நாளையாவது விடுப்பில் சேர்த்துவிட்டால் நஷ்டம் இல்லை.

சார், ஊதியம் கொடுத்தால் இஎஸ்ஐ பணம் நின்றுவிடும். ஆகவே கம்பெனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது, சரிதானே? – மேலாளர், பாம்பன்

பாதி சரி. விடுப்புச் சம்பளம் என்று கொடுத்தால் அந்த நாளுக்கு உதவித்தொகை இல்லை என்பது உண்மை. ஆனால் மதுரைக்குப் போய்வரும் வண்டிக் கூலி, கூட இருப்பவருக்குச் சாப்பாட்டுச் செலவு என்று முதலாளி கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. சம்பளப் பட்டியலில் ஏற்றாமல் உதவி என்று தனியாகக் காட்டுங்கள்.

"மீதி 30 சதவீதத்தை மாதாமாதம் நாங்கள் போடுகிறோம்" என்று சில முதலாளிகள் நல்ல மனதோடு வருவார்கள். அதை விடுப்புக்காலச் சம்பளமாக எடுத்துக்கொள்வார்களா, உதவியாக எடுத்துக்கொள்வார்களா என்பதில் நான் பார்த்த அலுவலர்களே ஒரே மாதிரி சொன்னதில்லை. கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டபின் கடிதத்தில் எழுதுங்கள். முன்கூட்டி வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, இஎஸ்ஐ இணையதளத்தில் மாதச் சந்தா ஏற்றும்போது சம்பளம் இல்லாதவருக்கு நாள் பூஜ்யம் என்று போட்டு, காரணத்தில் `On Leave` தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் `Left Service` போட்டுவிட்டால் அவர் வேலையை விட்டவராகப் பதிவாகிவிடும். வீட்டார் அட்டையைக் காட்டும்போதுதான் தெரியவரும். உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையைவிட்டு எடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. இதைக் கடிதத்தில் "பணிப் பதிவு தொடர்கிறது" என்று ஒரே வரியில் சொன்னாலே அந்த வீட்டில் பாதி பயம் போய்விடும்.

என் அண்ணன் மயக்கத்தில் இருக்கிறார். பணம் அவர் கணக்கில் விழுகிறது, எடுக்க முடியவில்லை. மதினி கையில் கொடுக்கச் சொன்னால் கம்பெனியில் மறுக்கிறார்கள். – உச்சிப்புளி

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு அவரே எழுந்து வந்து "என் சம்பளம் எங்கே" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. வங்கியில்தான் வழி இருக்கிறது. நினைவு தெளிந்தபின், கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் விரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை வாங்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. அவரை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்ல வேண்டியிருக்கும். பணத்தை யார் எடுப்பது என்பதையும் அப்போதே நோயாளி வங்கியிடம் சொல்ல வேண்டும். மேலாளருக்குக் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். வீட்டுக்கு எழுதும் கடிதத்திலேயே "வங்கிக்கு எங்கள் கடிதம் வேண்டுமானால் தருகிறோம்" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் மேற்பார்வையாளர், சம்பளம் 26,000. இஎஸ்ஐ கிடையாது, கம்பெனி குரூப் பாலிசி 3 லட்சம். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எனக்கும் இந்தக் கடிதம் கிடைக்குமா? – தேவிபட்டினம்

நோயாளி நீங்கள் இல்லை, அப்பா. உங்கள் சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் உங்களுக்குப் பொருந்தாது. அப்பா பெயர் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல குரூப் பாலிசிகளில் பெற்றோர் இல்லை.

ஆனால் 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குவதால் இஎஸ்ஐ இல்லாத தொழிலாளிக்கு எழுதுகிற கம்பெனிக்கு இதில் விஷயம் உண்டு. பாலிசி எண், கார்டு, காப்பீட்டின் உதவி எண், இன்றைய தேதிக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது, எப்போது புதுப்பிக்கிறார்கள், இவ்வளவும் வேண்டும். 3 லட்சத்தில் 2.4 லட்சம் போய்விட்டது என்பது வீட்டாருக்கு டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தெரிந்தால் என்ன பிரயோஜனம்? அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். வரம்புக்கு மேல் அறை எடுத்தால் பல பாலிசிகளில் மற்றப் பில்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். புதுப்பிக்கும்போது பட்டியல் அனுப்புகிறவர், சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர் பெயரை "ஆள் வரவில்லை" என்று விட்டுவிடுவது உண்டு. அந்தப் பட்டியலை அனுப்பும் நாளில் ஒருமுறை இவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

தொடர்பு ஆள் என்று யாரைப் போடுவது? எங்களிடம் ஷிப்ட் சூப்பர்வைசர்தான் எல்லாருக்கும் பழக்கம். – ஏர்வாடி

வேலையிடத்தில் விழுந்து அடிபட்டவர் என்றால் சூப்பர்வைசர் வேண்டவே வேண்டாம். விபத்துக்கு யார் காரணம் என்ற கேள்வியில் அவரே ஒரு தரப்பு. அந்த விபத்தறிக்கை 24 மணி நேரத்துக்குள் இஎஸ்ஐக்குப் போயிருக்க வேண்டும். ஏனென்றால் வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டால் 70 இல்லை, 90 சதவீதம், சந்தா நாள் நிபந்தனையும் இல்லை.

சம்பளம், இஎஸ்ஐ இரண்டையும் கையாளும் ஒருவர் பெயர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர் பெயர், போன் எண்கள், எந்த நேரத்தில் பேசலாம் என்பது. அவ்வளவுதான். வீட்டார் தரப்பிலும் ஒரே ஒருவரைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். மனைவியிடம் ஒன்று, மைத்துனரிடம் ஒன்று பேசினால் சண்டை நம் தலையில் விழும். நோயின் பெயரைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நாலு பேர் பார்ப்பார்கள்.

என் மாப்பிள்ளை துபாயில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அங்கே கம்பெனி கடிதம் கொடுக்குமா? – கீழக்கரை

இஎஸ்ஐ பேச்செல்லாம் அங்கே செல்லாது. தகுதிகாண் காலம் முடிந்திருந்தால் ஐக்கிய அமீரகச் சட்டப்படி வருடத்துக்கு 90 நாள் நோய் விடுப்பு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி 45 நாள் சம்பளமில்லை. இந்த மூன்று கட்டமும் எந்தத் தேதியில் மாறுகிறது, மருத்துவக் காப்பீடு எதுவரை என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் பணியாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் போடலாம்.

நாங்கள் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்கள். எங்களுக்கு? – தொண்டி

பங்குக்காரருக்கு மாதச் சம்பளமில்லை, ஆகவே இஎஸ்ஐயும் இல்லை. படகு உரிமையாளர் கடிதம் எழுதினாலும் அதில் சொல்லச் சம்பளத் தேதி எதுவும் இருக்காது. மீன்வளத் துறை வழியே சேர்ந்திருக்கும் குழு விபத்துக் காப்பீடு இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், விபத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25,000. நோய்க்கு அது உதவாது. அதற்கு ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

அண்ணே, கடிதம் தயார். அவர் மனைவிக்குப் படிக்க வராது. கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் முதலாளி. – மண்டபம் கணக்கர்

நீங்களே போய் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள் தம்பி. பிப்ரவரி 19, மே 21 என்ற இரண்டு தேதியையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிரதியை அவரிடம் விட்டு வாருங்கள். கையெழுத்தோ ரேகையோ வாங்கினால் "கடிதம் கிடைத்தது" என்பதற்கு மட்டும் வாங்குங்கள். "மேற்படி தொகையை ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி முதலாளி சேர்க்கச் சொன்னால் அடித்துவிடுங்கள்.