ஷிங்கிளுக்கு அடியில் வரிவரியாக மேடு

"கூரையில் ஓஎஸ்பி என்ற மரச்சீவல் பலகை அடித்து, அதன் மேல் தார் ஷிங்கிள் போட்டோம். மழைக்காலம் முடிந்ததும் பலகை சேரும் இடமெல்லாம் மேடு தெரிகிறது. பிளைவுட்டுக்கு மாற்றவா?"

அவசரப்படாதீர்கள். பலகைகளை இடைவெளி விடாமல் முட்டவைத்து அடித்திருப்பார்கள். ஓஎஸ்பி ஈரம் குடித்தால் முதலில் ஓரம்தான் உப்பும். காய்ந்தாலும் முழுதாக வற்றாது. பிளைவுட் சீராக உப்பி, பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் அதையும் முட்டவைத்து அடித்தால் மேடுதான்.

பரண் பக்கமிருந்து அந்த இணைப்பை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கெட்டியாக, கறையில்லாமல் இருந்தால் பார்வைக் குறைதான், விட்டுவிடலாம். நுனி பொதபொதவென்று இறங்கினால் ஒழுகலோ பரணில் காற்றோட்டக் குறைவோ இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு அந்தப் பலகையை மாற்றுங்கள். அப்போது சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள்.

மாற்றும்போது முழுமரச் சட்டப்பலகை வேண்டாம். அகலப் பலகை சுருங்கி வளைந்தால் ஷிங்கிள் கிழியும். ரீப்பர் மேல் உட்காரும் ஓட்டுக்கு அது பரவாயில்லை.