வாங்கலாமா, வேண்டாமா? – கேள்வி பதில்: இந்த வாரம் டிரான்ஸ்பார்மர் வாரம்

மில்லுக்கு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். பிற்காலத்துக்கு ஆகுமே என்று 250 கேவிஏ வாங்கிவிடலாமா? – கோபாலபுரம் வாசகர்

வேண்டாம். மில் பூட்டிக் கிடக்கும் ராத்திரியிலும் கோர் லாஸ், அதாவது இரும்புக் கோரில் வீணாகும் மின்சாரம், ஓடிக்கொண்டேதான் இருக்கும், பெரிய கோருக்கு அதிகமாகவே ஓடும். பிற்காலம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறையில் கொப்பரை எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். பழைய 100 கேவிஏ, 11,000/433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறேன். விற்பவர் தந்த தாளில் இப்படி இருக்கிறது: ஓப்பன் சர்க்யூட் 433 வோல்ட், 2.7 ஆம்பியர், 260 வாட். ஷார்ட் சர்க்யூட் 248 வோல்ட், 2.62 ஆம்பியர், 400 வாட், எண்ணெய்ச் சூடு 30 டிகிரி. முழு லோடில் எபிஷியன்சி 99.3 சதவீதம், ரெகுலேஷன் 1.65 சதவீதம். பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். நம்பலாமா?

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். நல்லது. அளவுகளை நம்பலாம், அவற்றுக்குக் கீழே எழுதியிருக்கும் கணக்கை நம்ப வேண்டாம்.

டிரான்ஸ்பார்மரைக் காகிதத்தில் எளிமையாக வரைந்தால் அதற்குள் இரண்டே பகுதிகள். ஒன்று, சப்ளைக்குக் குறுக்கே எப்போதும் தொங்கும் கிளை. அதுதான் இரும்புக் கோர். இன்னொன்று, லோடு கரண்ட் கடந்து போகும் வழியில் தொடராக நிற்கும் ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும், அது வைண்டிங். இதற்குத்தான் சமானச் சுற்று என்று பெயர். இரண்டு டெஸ்ட்டும் ஆளுக்கொரு பகுதியைப் பிடித்துக் காட்டுகின்றன.

ஓப்பன் சர்க்யூட்டில் 11,000 வோல்ட் பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டு 433 வோல்ட் பக்கத்தில் முழு வோல்டேஜ் கொடுக்கிறார்கள். முழு லோடில் அந்தப் பக்கம் ஓட வேண்டியது 133 ஆம்பியர், இங்கே ஓடுவது 2.7 மட்டும். அந்தக் கரண்டுக்கு வைண்டிங்கில் ஒரு வாட்கூட எரியாது. ஆகவே 260 வாட் முழுக்கக் கோர் லாஸ். இது சரியான அளவு, பழைய 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்களுக்கு ஐஎஸ் தரம் சொன்ன எண்ணும் இதுதான். 433 வோல்ட் கொடுத்தார்களா என்பதை மட்டும் பாருங்கள். 400 வோல்டில் அளந்தால் இதே கோர் ஏறக்குறைய 222 வாட் காட்டிவிடும்.

ஷார்ட் சர்க்யூட்டில் 433 வோல்ட் பக்கத்தைத் தடித்த பட்டையால் இணைத்துவிட்டு, 11,000 வோல்ட் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை ஏற்றுகிறார்கள். கோருக்குக் கிடைப்பது முழு வோல்டேஜில் நாலைந்து சதவீதத்துக்கும் குறைவு, அதன் இழப்பு அரை வாட்கூட வராது. மீட்டர் காட்டுவது அத்தனையும் வைண்டிங் இழப்பு.

இந்தப் பக்கத்தின் முழு கரண்ட் 5.25 ஆம்பியர். அதாவது 1,00,000 வி.ஏ.வை 1.732-ஆலும் 11,000-ஆலும் வகுக்க வேண்டும். உங்கள் தாளில் இருப்பது 2.62. சரியாகப் பாதி! பாதி கரண்டில் டெஸ்ட் செய்வது குற்றமில்லை. முழு கரண்ட் ஓட 496 வோல்ட் வேண்டும், பட்டறையில் கிடைப்பது 415 வோல்ட். அதனால் முழு கரண்டில் பாதிக்குக் குறையாமல் டெஸ்ட் செய்து பிறகு கணக்கில் ஏற்றிக்கொள்ள ஐஎஸ் தரமே இடம் கொடுக்கிறது. ஏற்றாமல் விட்டதுதான் இங்கே திருட்டு. வாட் இழப்பு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. 400 என்பது 1,600 ஆகிவிட்டது.

இது தெரியாமல் போனாலும் பெயர்ப்பலகை காட்டிக் கொடுத்துவிடும். முழு கரண்டில் எடுத்த ஷார்ட் சர்க்யூட் வோல்டேஜை 11,000-ஆல் வகுத்தால் பலகையில் உள்ள இம்பீடன்ஸ் சதவீதம் வர வேண்டும். 248-ஐ வகுத்தால் 2.25 சதவீதம் வருகிறது, பலகையில் 4.5 இருக்கிறது. பாதி வந்தால் பாதி கரண்டில் எடுத்த அளவு. இந்த ஒரு வகுத்தலைச் செய்ய உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

இனி என் பழைய புலம்பல். இந்தத் தாள்களில் எந்தச் சூட்டில் அளந்தது என்று எழுதவே மாட்டார்கள். உங்கள் ஆள் எழுதியிருக்கிறார், அதற்காக அவரைப் பாராட்டலாம், ஆனால் அதையும் பயன்படுத்தவில்லை. சூடு ஏறினால் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஏறும். டிரான்ஸ்பார்மரை ஒப்பிட வேண்டிய சூடு 75 டிகிரி, தாளில் இருப்பதோ குளிர்ந்து கிடந்தபோது எடுத்த அளவு. செம்புக் கம்பியாக இருந்தால் 235-ஐ இரண்டு சூட்டோடும் கூட்டி வகுக்க வேண்டும்: 310-ஐ 265-ஆல் வகுத்தால் 1.17. அலுமினியத்துக்கு 235-க்குப் பதில் 225, விடை ஏறக்குறைய அதேதான். 1,600-ஐ 1.17-ஆல் பெருக்கினால் 1,872 வாட். (சிதறல் இழப்பு என்று ஒரு சிறு பங்கு உண்டு, அது சூட்டில் குறையும். ஆகவே உண்மை இதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கலாம்.) ஒரு பழைய டிரான்ஸ்பார்மரை மார்கழி மாதக் காலையில் டெஸ்ட் செய்துவிட்டுச் சித்திரை மாத வெயிலில் விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது எபிஷியன்சி. விற்பவர் 260-ஐயும் 400-ஐயும் கூட்டி, பவர் ஃபேக்டர் 1 என்று வைத்து 99.3 எழுதிவிட்டார். உங்கள் மோட்டார்களுக்கு 0.8 என்று வைப்போம். வெளியே வருவது 80,000 வாட், இழப்பு 260-உம் 1,872-உம் சேர்ந்து 2,132. ஆக 97.4 சதவீதம். இரண்டு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். வருடம் 300 நாள், தினம் 10 மணி நேரம், 80 சதவீத லோடு என்றால் வைண்டிங்கில் மட்டும் 3,600 யூனிட் எரியும். அவர் தாளின்படி பார்த்தால் 770 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் வைத்தாலும் தாள் மறைத்தது வருடத்துக்கு 20,000 ரூபாய்.

ரெகுலேஷனிலும், அதாவது லோடில் வோல்டேஜ் எத்தனை சதவீதம் சரிகிறது என்பதிலும், அதே கதை. 1,872 வாட் என்பது 1,00,000-இல் 1.87 சதவீதம், அதுதான் ரெசிஸ்டன்ஸ். ரியாக்டன்ஸைக் கண்டுபிடிக்க அளந்த சூட்டின் எண்களையே எடுக்க வேண்டும்: 4.5-இன் இருமடியிலிருந்து 1.6-இன் இருமடியைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 4.2 சதவீதம். ரியாக்டன்ஸ் சூட்டால் மாறாது. 0.8 பவர் ஃபேக்டரில் 1.87-ஐ 0.8-ஆலும் 4.2-ஐ 0.6-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள், 4 சதவீதம் வரும். காலியாக 433 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர் முழு லோடில் 416 தரும், தாள் சொல்வதுபோல 426 அல்ல. அதற்கு மேல் சாயங்காலம் 11,000 வோல்ட் லைனே தளர்ந்தால் உங்கள் மோட்டார் முனகும்.

2014-இன் ஐஎஸ் 1180 தரத்தில் 100 கேவிஏவுக்கு மிகத் தளர்வான எபிஷியன்சி நிலையிலேயே அனுமதித்த மொத்த இழப்பு முழு லோடில் 1,800 வாட், பாதி லோடில் 520. உங்களுடையது 2,132-உம் 728-உம். கெட்டுப்போன சரக்கு என்று சொல்ல மாட்டேன். பழைய சரக்கு, பழைய விலை பேசுங்கள். கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

பெயின்ட் புதிதாக இருந்தது, எண்ணெய்க் கசிவு இல்லை, அதனால் டெஸ்ட் எதுவும் கேட்காமல் வாங்கிவிட்டேன். இப்போது சூடாகிறது. என்ன செய்யலாம்? – வண்ணாமடை

பெயின்டை டெஸ்ட் செய்திருக்கிறீர்கள், அது பாஸ். இனியாவது இரண்டு டெஸ்ட்டையும் எடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது.

கணவர் இறந்தபின் மில்லை மூடிவிட்டோம். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரை விற்கக் கொடுத்தோம். வாங்க வந்தவர் ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட் செய்து, இரண்டு வாட்மீட்டரில் 710, 450 என்று காட்டி, '1,160 வாட் லாஸ், கோர் போச்சு' என்கிறார். இரும்பு விலைதான் தருவாராம். – வேலந்தாவளம்

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த ஆள் தெரியாதவராக இருக்கலாம், தெரிந்தே செய்பவராகவும் இருக்கலாம். என் சந்தேகம் இரண்டாவது.

இரண்டு வாட்மீட்டர் முறையில் பவர் ஃபேக்டர் 0.5-க்குக் கீழே போனால் ஒரு மீட்டரின் முள் பின்னால் போகும். அப்போது அதன் வயரைத் திருப்பிப் போட்டு எண்ணைப் படிப்பார்கள். ஆனால் அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். லோடு இல்லாத டிரான்ஸ்பார்மரின் பவர் ஃபேக்டர் 0.1, 0.2 அளவில்தான் இருக்கும், ஆகவே இங்கே கழித்தலே விதி. 710-இலிருந்து 450 போனால் 260 வாட். ஒழுங்கான கோர் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவர் உங்கள் முன்னால் வயரைத் திருப்பியிருந்தால் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கோர் உண்மையிலேயே கெட்டிருந்தால் லோடு இல்லாத கரண்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 133-இல் இரண்டு மூன்று சதவீதம், அதாவது மூன்று நான்கு ஆம்பியருக்குள் சொன்னால், வேறு ஆளைக் கூப்பிட்டு, இரண்டு டெஸ்ட்டும் செய்யச் சொல்லி, தாளை வாங்கிக்கொண்டு நல்ல விலைக்குக் கொடுங்கள்.

வெளிநாட்டு மிக்ஸிக்கு 110 வோல்ட் தரும் சின்ன டிரான்ஸ்பார்மர் வாங்கப் போகிறேன். கடையில் மீட்டர் வைத்துக் காட்டுகிறார்கள். போதுமா?

போதாது. நானும் இப்படித்தான் கவுண்டரில் நின்று மீட்டரில் 118 பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வாங்கி வந்தேன். வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது அது 98-க்கு இறங்கிவிட்டது. காலி வோல்டேஜிலிருந்து 20 வோல்ட் சரிவு, ரெகுலேஷன் கிட்டத்தட்ட 17 சதவீதம். மெல்லிய கம்பியைச் சுற்றிவிட்டு, சரிவை மறைக்க நாலு சுற்று கூடுதலாகப் போட்டிருந்தார்கள். மனைவி இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார். மிக்ஸியைக் கடைக்கே எடுத்துப் போங்கள், ஓடும்போது மீட்டரைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.